கடைக்கு ஒரு வயது ஆகிறது: முதலில் வந்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி

கடை திறந்து ஓராண்டு ஆகப்போகிறது, தொடக்கத்திலிருந்தே வந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்களா? நல்லது. ஆனால் பேனாவை இப்போதே எடுக்க வேண்டாம். முதலில் பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுங்கள். கடிதம் எழுத உட்காருவதற்கு முன்னால் செய்கிற வேலைதான் இதில் முக்கால்வாசி, அதைச் செய்யாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

நான் நடத்துவது நோட்டு, பேனா, கோப்பு விற்று பைண்டிங்கும் செய்து தரும் சிறிய கடை. முதலாண்டு முடிந்தபோது ஒரே கடிதத்தை 60 படி அச்சடித்து, கவரில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே, வாரம் தவறாமல் வரும் இரண்டு பேர் கல்லாவுக்கு முன்னால் நின்று தங்கள் கவர்களைப் பிரித்தார்கள், ஒருவர் கடிதத்தை மற்றவர் எட்டிப் பார்த்தார், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வருத்தப்படவில்லை, குறை சொல்லவும் இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, ஏனென்றால் அந்த இருவரும் கடைக்குச் செய்தது ஒன்றல்ல, இரண்டு தனித்தனிக் காரியங்கள். மீதிக் கவர்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அடுத்த இரண்டு வாரத்தில் 32 பேருக்குக் கையால் எழுதினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

யாருக்கு எழுதுவது

எல்லாருக்கும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. "முதல் வாடிக்கையாளர்" என்றால் யார் என்று முதலில் நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நான் போட்ட கோடு இது: கடை திறந்த முதல் 3 மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும், அதற்கப்புறம் குறைந்தது 4 தனித்தனி நாட்களில் திரும்பி வந்திருக்க வேண்டும். எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. முதலாண்டில் என் ஆகப் பெரிய பில் ஓர் அலுவலகத்துக்குப் போனது, ஒரே ஒரு தடவை, அதோடு சரி. வாரம் ஒரு ரீஃபில் மட்டும் வாங்கிக்கொண்டு வருடம் முழுக்க வந்தவர் இருக்கிறார். கடிதம் அவருக்குத்தான். கடை நிற்குமா நிற்காதா என்று தெரியாத நாட்களில் மறுபடி மறுபடி வந்தவர் அவர்.

தொழிலுக்குத் தகுந்தபடி இந்த 3, 4 எல்லாம் மாறும். கண்ணாடிக் கடைக்கு ஒருவர் வருடத்தில் 4 முறை வரமாட்டார், அங்கே இரண்டாவது முறை வந்ததே பெரிய விஷயம், அல்லது தன்னோடு இன்னொருவரை அழைத்துவந்தது பெரிய விஷயம்.

சரி, பெயர்களை எங்கிருந்து எடுப்பது? கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகம் இருந்தால் வேலை சுலபம். மெஷினில் அச்சாகும் பில் என்றால் ஒன்றைக் கவனியுங்கள், அந்தத் தாள் பெரும்பாலும் சூட்டில் எழுத்து வருகிற வகை, சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும். நான் கம்பியில் குத்தி வைத்திருந்த முதல் மாத பில்களில் பாதி வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. இதைப் படிக்கும்போது உங்கள் கடைக்கு இன்னும் வருடம் ஆகவில்லை என்றால், இன்றைக்கே அவற்றைப் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். அது இல்லையென்றால் ஆர்டர் எழுதும் நோட்டு, கைப்பேசியில் பணம் வந்ததற்கான செய்திகள், "கடை திறந்திருக்கா?" என்று கேட்டு வந்த பழைய மெசேஜ்கள். இவற்றில் தேதியோடு பெயர் கிடைக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் விட்டுப்போகிறவர்கள் இருப்பார்கள், ரொக்கமாகக் கொடுத்துவிட்டு பில்கூட வாங்காமல் போகிறவர்கள். அவர்களை நினைவுக்குக் கொண்டுவர எனக்கு உதவிய வழி ஒன்று உண்டு. கடையை மூடிய பிறகு உள்ளே நின்று ஒவ்வொரு தட்டாகப் பாருங்கள், "இந்தப் பொருளை யார் கேட்டு வாங்கி வைத்தேன்?" என்று உங்களையே கேளுங்கள். என் கடையில் பழுப்புத் தாள் உருளைகள் ஒரு மூலையில் நிற்கின்றன. தொடக்கத்தில் அவை இல்லை, அளவு வெட்டுவதற்கு வேண்டும் என்று ஒரு தையல்காரர் கேட்டதால் வந்தவை. அவர் பெயர் எந்த பில்லிலும் இல்லை. தட்டுகளைப் பார்த்தபடி நின்ற அந்த அரை மணி நேரத்தில் எனக்கு 9 பேர் கிடைத்தார்கள், அந்த 9 பேரும் பில்லில் கிடைத்தவர்களைவிட முக்கியமானவர்கள்.

முகம் தெரியும், பெயர் தெரியாது என்று சிலர் இருப்பார்கள். அடுத்த முறை வரும்போது நேராகக் கேட்டுவிடுங்கள், "இவ்வளவு நாள் வர்றீங்க, உங்க பேரைக் கேட்டதே இல்லையே" என்று. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்ட கையோடு எப்படி எழுதுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ரகரமா றகரமா, முன்னெழுத்து என்ன என்று. கடிதத்தில் பெயர் பிழையாக இருந்தால் அதற்குக் கீழே நீங்கள் எழுதிய எதுவும் அவர் கண்ணில் படாது.

இன்னொன்று, இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பல மாதமாக வராதவர் பெயர் பட்டியலில் இருந்தால், எழுதுவதற்கு முன் தெரிந்தவர்களிடம் விசாரித்துவிடுங்கள். ஊர் மாறியிருக்கலாம், உடம்புக்கு முடியாமல் இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். அப்படி ஒருவர் வீட்டுக்கு "தொடர்ந்து வாருங்கள்" என்று ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வேறு காரணத்தால் வராமல் நின்றுபோனவர் என்றால் தாராளமாக எழுதலாம், ஆனால் "ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை?" என்ற கேள்வி மட்டும் அதில் இருக்கக்கூடாது. வந்த நாட்களுக்கு நன்றி, அவ்வளவுதான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி

பட்டியல் தயாரானதும் ஒரு நோட்டில் பெயருக்கு நேராக இரண்டே இரண்டு விஷயங்களை எழுதுங்கள். அவர் என்ன செய்தார். அதனால் கடையில் என்ன ஆயிற்று. கடிதத்தின் உயிர் இந்த இரண்டும்தான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி நிற்கிற வார்த்தைகள்.

"ஆதரவு கொடுத்தார்" என்று எழுதாதீர்கள். அது நோட்டில் எல்லாப் பெயருக்கும் நேராக வந்துவிடும். கண்ணால் பார்த்த ஒரு செயலாக இருக்க வேண்டும். என் நோட்டிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். தையல்காரர்: பழுப்புத் தாள் கேட்டார், இன்று அந்த உருளை வாங்கவே தனியாக ஆட்கள் வருகிறார்கள். கல்லூரி மாணவி ஒருவர்: பெயர்ப்பலகையில் ஒற்று விட்டுப்போயிருப்பதை யாரும் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னார், மறுநாளே திருத்தினேன். ஒரு பெரியவர்: பேனாவை எழுதிப் பார்க்கத் தாள் இல்லை என்று தன் பையிலிருந்து ஒரு சிறிய அட்டை எடுத்து வைத்துவிட்டுப் போனார், அன்றிலிருந்து கல்லாவில் எழுதிப் பார்க்கும் தாள் எப்போதும் இருக்கிறது. இன்னொருவர்: பைண்டிங்கில் பக்கம் மாறிப்போனதற்குக் கோபப்பட்டார், ஆனால் வேறு கடைக்குப் போகாமல் அதையே திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னார். அப்புறம்தான் தைப்பதற்கு முன் பக்கங்களை இரண்டு முறை எண்ணும் வழக்கம் வந்தது.

அந்தக் கடைசி ஆளைக் கவனியுங்கள். கோபப்பட்டவருக்கும் எழுத வேண்டும், அவர் கோபப்பட்டதையும் மறைக்காமல் எழுத வேண்டும். "அன்றைக்கு நீங்கள் சொன்னது சரி, தப்பு என்மேல்தான்" என்று ஒரு வருடம் கழித்து எழுத்தில் படிப்பதைவிட அவருக்குப் பெரிய நன்றி இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

எழுதிய வரி தேறுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு வரியை மட்டும் படியுங்கள். பட்டியலில் இருக்கும் வேறொருவருக்கும் அது பொருந்துமானால் அந்த வரி போதாது, இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "அடிக்கடி வந்தீர்கள்" யாருக்கும் பொருந்தும். "மூடுகிற நேரத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடி வருவீர்கள்" ஒருவருக்குத்தான் பொருந்தும்.

எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால் கடையில் உடன் வேலை செய்பவரைக் கேளுங்கள், நீங்கள் இல்லாத நேரத்தில் அவர் பார்த்தது நிறைய இருக்கும். அப்போதும் கிடைக்கவில்லையா, கற்பனையாக எதையும் எழுதாதீர்கள். நடக்காத ஒன்றை "நினைவிருக்கிறது" என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அவருக்கு இந்த முறை நேரில் ஒரு வார்த்தை நன்றி சொல்லிக்கொள்ளலாம், கடிதம் வேண்டாம்.

எழுதவே கூடாதவையும் இருக்கின்றன. கடன் சொல்லி வாங்கியதை, அதை எவ்வளவு ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தாலும், கடிதத்தில் கொண்டுவராதீர்கள். அதேபோல் அவர் வாங்கிய பொருள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாததாக இருக்கலாம். என்னிடம் ஒருவர் வழக்குத் தாள்களை பைண்டிங் செய்யக் கொண்டுவருவார், இன்னொருவர் வேலை மாறுவதற்காக விண்ணப்பங்கள் தயாரித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு எழுதும்போது அதைத் தொடவே இல்லை, வேறு ஒரு சின்ன விஷயத்தைத் தேடி எடுத்தேன். கவரை யார் பிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

இப்போது எழுதலாம்

நான் முதலில் அச்சடித்த கடிதம் இப்படி இருந்தது:

> அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களுக்கு வணக்கம். தங்களின் மேலான ஆதரவுடன் எங்கள் நிறுவனம் வெற்றிகரமாக முதலாம் ஆண்டை நிறைவு செய்து இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தரமே எங்கள் தாரக மந்திரம் என்ற கொள்கையுடன் அயராது உழைத்து வருகிறோம். இந்த இனிய தருணத்தில் இம்மாத இறுதி வரை அனைத்துப் பொருட்களுக்கும் சிறப்புத் தள்ளுபடி வழங்குகிறோம். தங்கள் தொடர் ஆதரவை என்றும் நாடும்...

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் வாக்கியங்களை முடிக்கும் வினைச்சொற்களைப் பாருங்கள்: தெரிவித்துக்கொள்கிறோம், உழைத்து வருகிறோம், வழங்குகிறோம். எல்லாம் "ஓம்" என்றே முடிகின்றன. வாசிப்பவர் செய்ததாக ஒரு வினைகூட இல்லை. தமிழில் நாங்கள், நீங்கள் என்று எழுதாமலே வாக்கியம் போய்விடுவதால் இது மேலோட்டமாகப் படிக்கும்போது கண்ணில் படாது. அதனால் உங்கள் கடிதத்தை எழுதி முடித்ததும் வினைமுற்றுகளின் கீழ் மட்டும் கோடு போட்டுப் பாருங்கள். "ஈர்கள்" என்று முடிபவை, அதாவது வந்தீர்கள், கேட்டீர்கள், சொன்னீர்கள் என்று வருபவை, குறைந்தது நான்கைந்தாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எழுதியது கடையின் பெருமையைத்தான், நன்றியை அல்ல.

அடுத்து, பிறகு கையால் எழுதியவற்றில் ஒன்று. முதல் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் வரும் ஓர் ஆசிரியைக்கு:

> அன்புள்ள டீச்சர்,
>
> இந்த மாதத்தோடு கடை திறந்து ஒரு வருடம் ஆகிறது. திறந்த இரண்டாவது வாரம் வந்து பச்சை ரீஃபில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அடுத்த சனிக்கிழமையும் வந்து கேட்டீர்கள், அப்போதும் இல்லை. மூன்றாவது முறை, தீர்ந்துபோன பழைய ரீஃபில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, "இதைப் பார்த்து வாங்கி வையுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று கல்லாவில் வைத்துவிட்டுப் போனீர்கள்.
>
> அதைக் காட்டித்தான் மொத்தக் கடையில் தேடி வாங்கினேன். இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் 16 அறை வைத்த ரீஃபில் பெட்டி இருக்கிறதே, அதன் முதல் அறை உங்கள் பச்சைதான்.
>
> கேட்டது இல்லாத கடைக்கு மூன்று முறை வந்தீர்கள். அதற்கு நன்றி, டீச்சர். பெரிய கட்டம் போட்ட கணக்கு நோட்டு கேட்டிருந்தீர்கள், இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.
>
> அன்புடன்,

இதற்குக் கீழே என் கையெழுத்தும் பெயரும், அதற்கும் கீழே சின்னதாகக் கடையின் பெயர். எல்லாம் சேர்த்து நூறு சொல்லுக்குள்தான் வருகிறது. அதிகம் போனால் 120 சொல், அதைத் தாண்டினால் கடைக்காரர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று பொருள்.

இது கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். முதல் வாக்கியம் எதற்காக எழுதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறது, அதற்குமேல் ஆண்டுவிழாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதற்கப்புறம் உடனே அவர் செய்தது. பிறகு அதனால் கடையில் வந்த மாற்றம், அதுவும் அவர் அடுத்த முறை வரும்போது கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. நன்றி என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது, எதற்கு நன்றி என்று சொல்லிவிட்ட பிறகு வருகிறது. தொடக்கத்திலேயே "மனமார்ந்த நன்றிகள்" என்று எழுதிவிட்டால், எதற்கென்று தெரியாத நன்றியாக அது அந்தரத்தில் நிற்கும். கடைசியில் அவர் கேட்டு இன்னும் கிடைக்காத ஒன்று. இதை எழுதலாமா என்று முதலில் யோசித்தேன், குறையை நாமே சொல்வது போல ஆகுமோ என்று. ஆனால் "தொடர்ந்து ஆதரவு தாருங்கள்" என்ற வரியின் இடத்தில் இது இருப்பது எவ்வளவோ மேல். அவர் சொன்னதை நான் இன்னும் மனதில் வைத்திருக்கிறேன் என்று இது காட்டுகிறது, வாருங்கள் என்று கேட்காமலே கேட்கிறது.

விளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே கடிதத்திலும் எழுதுங்கள். தினமும் "அண்ணே" என்று பேசிவிட்டுக் கடிதத்தில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதினால் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது போல இருக்கும். அண்ணன், அக்கா, டீச்சர், ஐயா, சார், எதுவானாலும் சரி, "அன்புள்ள" என்பதோடு ஒட்டி நிற்கும். உங்களைவிடச் சின்னவர் என்றால் பெயர் சொல்லியே எழுதலாம், ஆனால் "நீங்கள்" என்பதிலிருந்து இறங்க வேண்டாம். "தாங்கள்" வேண்டவே வேண்டாம், அது அழைப்பிதழ்ச் சொல்.

அப்புறம் நான், நாங்கள், நாம். தனியாகக் கடை நடத்துகிறீர்கள் என்றால் "நான்" என்றே எழுதுங்கள், ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் கடையிலிருந்து "நாங்கள்" என்று வந்தால் பெரிய நிறுவனத்தின் சுற்றறிக்கை போலத் தெரியும். இருவராக நடத்தினால் "நாங்கள்", இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "நம்ம கடை" என்று எழுதுவது அழகுதான், ஆனால் அதை அவர் வாயால் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சில வாடிக்கையாளர்கள் மற்றவர்களிடம் "நம்ம கடைதான், போங்க" என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னவருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் "நம் கடைக்கு ஒரு வயது" என்று தொடங்கினேன்.

தள்ளுபடி எங்கே?

கடிதத்தில் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் அச்சடித்த கடிதத்தை வாங்கியவர்களில் யாராவது எதையாவது திருப்பிக் கேட்டார்கள் என்றால் அது "தள்ளுபடி எது வரைக்கும்? இந்த நோட்டுக்கும் உண்டா?" என்பதுதான். தப்பு அவர்கள்மேல் இல்லை, கெடு வைத்த ஒரு சலுகை தாளில் இருந்தால் யாருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும். நன்றிக் கடிதம் அந்த இடத்திலேயே விளம்பரத் தாளாக மாறிவிடுகிறது.

ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும் என்று இருந்தால் பொருளாகக் கொடுங்கள், நிபந்தனை எதுவும் இல்லாமல், அந்த ஆளுக்குப் பொருத்தமாக. ஆசிரியைக்கு ஒரு பச்சை ரீஃபிலைத் தாளில் சுற்றிக் கவரில் வைத்தேன். பொருளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆண்டு நிறைவுத் தள்ளுபடி போடுவதாக இருந்தால் தனியாக அறிவிப்பு ஒட்டுங்கள், கடிதம் கொடுத்து முடித்து ஒரு வாரமாவது போகட்டும்.

தாள், பேனா, நேரம்

வழக்கமான ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் வரும் ஏ5 அளவு இதற்குச் சரியாக இருக்கும், 120 சொல் ஒரே பக்கத்தில் இடைவெளி விட்டு அடங்கும். அதை ஒருமுறை மடித்தால் சி6 கவரில் போகும். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம் கனம்தான், அழுத்தி எழுதினால் மறுபக்கம் தடம் தெரியும். 100 அல்லது 120 ஜிஎஸ்எம் தாள் கேட்டு வாங்குங்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஜெல் பேனா மை அதில் சீக்கிரம் காயாது, மடித்ததும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்தத் தாளானாலும் ஒரு வரி எழுதி, பத்து விநாடி கழித்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒரு கடிதத்தை நேராக நல்ல தாளில் எழுத முடியாது, முதலில் கரட்டுத் தாளில் எழுதி, திருத்தி, பிறகு படியெடுக்க வேண்டும். எனக்கு ஒன்றுக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஒரு மாலையில் 3 அல்லது 4 எழுதலாம், அதற்குமேல் போனால் வரிகள் ஒன்றுபோல ஒன்று வர ஆரம்பிக்கும், அது அலுப்பு வந்துவிட்டதற்கான அடையாளம், அப்போதே நிறுத்திவிடுங்கள். 32 கடிதத்துக்கு இந்தக் கணக்கில் ஒன்பது பத்து மாலைகள். ஆகவே பட்டியல் வேலையையும் சேர்த்து, நிறைவு நாளுக்கு 3 வாரம் முன்னால் தொடங்கினால் அவசரமில்லாமல் முடியும்.

கையெழுத்து சரியில்லை, அச்சடித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. கடிதத்தை அச்சிட்டு, விளிப்பையும் கையொப்பத்தையும், முடிந்தால் அந்த நன்றி வரியையும் மட்டும் பேனாவால் எழுதுங்கள். எழுத்து 14 புள்ளி அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும், கண்ணாடி தேடாமல் படிக்கலாம். வெளியே கொடுத்து அச்சிடுவதானால் கோப்பை பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாமல் போய்த் தமிழ் கட்டம் கட்டமாகவோ கொம்பும் காலும் இடம் மாறியோ வரலாம்.

பெயர்களையும் நினைவு வரிகளையும் எக்செல் போன்ற அட்டவணையில் வைத்து, கடிதத்தோடு தானாக இணைக்கிறவர்கள் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அகர வரிசைப்படுத்தும்போது பெயர் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டால், பெயர்கள் நகரும், பக்கத்தில் இருக்கும் வரிகள் அங்கேயே நிற்கும். தையல்காரருக்கு டீச்சரின் ரீஃபில் கதை போய்விடும். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துங்கள், அச்சானதும் கவரில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கொடுப்பது

நிறைவு நாளன்று கொடுக்க வேண்டும் என்பதில்லை. அன்றைக்குக் கூட்டம் இருக்கும், வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வருவார்கள், கவரைக் கையில் திணித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வாரத்திலோ அடுத்த வாரத்திலோ அவர் வழக்கமாக வரும் நேரத்துக்குக் காத்திருந்து கையில் கொடுங்கள். பக்கத்தில் வேறு வாடிக்கையாளர் நின்றால் பொருளோடு சேர்த்துப் பைக்குள் வைத்து, "உள்ளே ஒரு கடிதம் இருக்கு, வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கடிதம் கிடைக்காத ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்தால் அவருக்குச் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். கண் முன்னால் பிரித்துப் படிக்கச் சொல்லவும் வேண்டாம், படித்துக்கொண்டே முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர் தடுமாற வேண்டியிருக்கும்.

ஒரே வீட்டிலிருந்து இருவர் வருகிறார்கள் என்றால் இருவருக்கும் தனித்தனிக் கடிதம், தனித்தனி வரி. ஊர் மாறிப் போனவருக்குத் தபாலில் அனுப்பலாம், ஆனால் முகவரியை அவரிடமே கேட்டு வாங்குங்கள். கைப்பேசி எண் மட்டும்தான் இருக்கிறது என்றால், கையால் எழுதிய கடிதத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். பட்டியலில் உள்ள எண்களையெல்லாம் சேர்த்துக் குழு ஆரம்பிக்கவே கூடாது, ஆர்டருக்காகக் கொடுத்த எண்ணை மற்றவர்கள் பார்க்கும்படி வைப்பது நன்றி சொல்கிறவர் செய்கிற காரியம் இல்லை.

பட்டியலில் இல்லாத மற்ற எல்லாருக்கும் கதவில் ஒரு தாள் போதும், இரண்டு வரி, பெரிய எழுத்தில்.

கொடுத்த பிறகு பதிலை எதிர்பார்த்து நிற்காதீர்கள். என் 32 பேரில் பாதிப் பேர் அதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை, வழக்கம்போல வந்து வழக்கம்போல வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் இதுவரை சொல்லாத குறையைச் சொன்னார்கள். தையல்காரர் கடிதம் வாங்கிய மறுவாரம் வந்து, தாள் உருளை சுவரோரம் நிற்பதால் அடிப்பக்கம் ஈரம் ஏறுகிறது, முதல் இரண்டு சுற்று வீணாகிறது என்றார். ஒரு வருடமாக அதைச் சொல்லாமல் வாங்கியிருக்கிறார். அன்று மாலையே உருளைகளுக்கு அடியில் ஒரு மரப்பலகை போட்டேன், நோட்டில் அவர் பெயருக்கு நேராக, கடிதம் கொடுத்த தேதிக்குப் பக்கத்தில், அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.